குளிர் இருக்கிறது, காற்றுத்தான் இல்லை: ஏசி பில்டர் அடைத்த ஒரு காரின் கதை

காரில் ஏசி சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: குளிர் இல்லையா, காற்று இல்லையா? அநேகமாக எல்லாருக்கும் இரண்டும் ஒன்றுதான். உள்ளே வெக்கையாக இருக்கிறது, ஆகவே ஏசி பழுது. கராஜுக்குப் போனாலும் அப்படியேதான் சொல்கிறார்கள். அங்கே இருப்பவரும் பொனட்டைத் திறந்து கேஜை மாட்டி, "காஸ் கொஞ்சம் குறைவு" என்று ஆரம்பித்துவிடுவார். டாஷ்போர்டுக்குப் பின்னால் அரை அங்குலத் தூசியோடு ஒரு கடதாசிச் சட்டம் மூச்சடைத்துக் கிடப்பது யாருக்கும் நினைவு வராது.

போன ஒக்டோபரில் அத்தானின் காருக்கு நடந்தது இதுதான். அவருடையது டொயோட்டா அக்குவா. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முன்னமே ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது. அதற்குப் பிறகு வாகன விலை போன போக்கில், கொழும்பில் பலரைப் போல அவரும் அதையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒக்டோபர், நவம்பரில் இங்கே மழை எப்படி என்று தெரியும்தானே. பகல் முழுக்க வெயில் எரிக்கும், பள்ளிக்கூடம் விட்டு, ஒபிஸ் விடுகிற நேரம் பார்த்து வானம் இடிந்து கொட்டும். அக்கா பம்பலப்பிட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலி வீதியால் தெஹிவளைக்கு வருவதற்குள் முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படிந்துவிடுமாம். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. துடைத்த இடம் அடுத்த சந்தி வருவதற்குள் மறுபடி மூடிவிடும். வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு நாள் முன்னால் போன முச்சக்கர வண்டியின் பிரேக் லைட் தெரியாமல் மயிரிழையில் தப்பினார்.

அத்தான் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனார். எந்தக் கராஜ் என்பது இங்கே தேவையில்லை. காஸ் நிரப்ப வேண்டும், அதோடு டாஷ்போர்டை இறக்கி உள்ளே குளிர்விக்கும் கொயிலைக் கழுவ வேண்டும், இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்களாம். தொகையைக் கேட்டதும் எனக்கு போன் வந்தது.

"தம்பி, காஸ் முடிஞ்சு போச்சாம். டாஷ்போர்டையும் கழட்ட வேணுமாம். என்ன செய்யிறது?"

"அத்தான், ஒண்டுக்கும் ஓம் சொல்லாதீங்கோ. ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்க கொண்டு வாங்கோ."

எனக்கு அவசரமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்குவா ஹைபிரிட். அதன் ஏசி கம்பிரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் மின்னழுத்தத்தில் ஓடும் மோட்டார் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி வகை எண்ணெய்தான் போட வேண்டும். டொயோட்டா ஹைபிரிட்களில் என்.டி. 11 என்ற எண்ணெய். சாதாரணக் கார்களுக்குப் பாவிக்கிற எண்ணெய் கலந்த காஸை, அல்லது அந்த எண்ணெய் ஒட்டியிருக்கிற ஹோஸ், கேஜ் வழியாகக் காஸை ஏற்றினால் உள்ளே மின்காப்புக் கெட்டு, கம்பிரஸரையே மாற்ற வேண்டி வரலாம். தேவையில்லாத காஸ் நிரப்புதல் ஹைபிரிட்டில் வெறும் வீண் செலவோடு முடியாது.

ஞாயிறு காலை கார் வந்தது. எஞ்சினை எழுப்பி, ஏசியைப் போட்டு, விசிறியை உச்சத்தில் வைத்தேன். நடு வென்ட்டில் சமையலறைத் தெர்மோமீட்டரைச் செருகிப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் 7 பாகைக்கு இறங்கிவிட்டது. காஸ் தீர்ந்த வண்டியில் இது நடக்காது. காஸ் குறைந்தால் காற்று தாராளமாக வரும், ஆனால் சில்லென்று இருக்காது. வண்டி ஓடும்போது கொஞ்சம் குளிரும், சிக்னலில் நின்றால் அதுவும் போய்விடும். இங்கே நேர்மாறு. வந்த காற்று நன்றாகக் குளிர்ந்திருந்தது, வந்ததுதான் கொஞ்சம். ஒரு டிஷ்யூவை வென்ட்டுக்கு முன்னால் பிடித்தேன். உச்ச வேகத்தில் அது கிடையாகப் பறக்க வேண்டும். நுனி மட்டும் லேசாக ஆடியது.

சத்தத்தையும் கவனிக்க வேண்டும். விசிறியின் இரைச்சல் குறையவே இல்லை, சொல்லப்போனால் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறியிருந்தது. அடைத்த பில்டரால் புளோவர் மோட்டார் பாரம் தாங்காமல் எரியும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் இந்த வகை உருளை விசிறிக்குக் காற்று கிடைக்காவிட்டால் அது தள்ளுகிற வேலையே குறைந்துபோய், இன்னும் வேகமாகச் சுழலும், மின்சாரத்தையும் குறைவாகவே இழுக்கும். ஆபத்து வேறு வழியில் வருகிறது. மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகமும் அந்தக் காற்றோட்டத்திலேயே சூடு தணிகின்றன. காற்றுக் குறைந்தால் அவை கொதிக்கும். பழைய வண்டிகளில் விசிறி திடீரென்று நாலாம் நம்பரில் மட்டும் வேலை செய்து, மற்ற வேகங்களில் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். எப்படியிருந்தாலும் இரைச்சல் அதிகம், காற்று கொஞ்சம் என்றால், விசிறி சுழல்கிறது, வழியில் எங்கோ அடைப்பு என்று அர்த்தம்.

அடைப்பு எங்கே என்பதற்கு டாஷ்போர்டில் இருக்கிற ஒரு பட்டனே பாதிப் பதில் சொல்லும். வெளிக்காற்றை எடுப்பதா, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றுவதா என்று மாற்றுகிற பட்டன். ஜப்பான் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் கதவுக்குப் பிறகுதான் பில்டர் இருக்கிறது. எந்தக் காற்றானாலும் அதைத் தாண்டித்தான் விசிறிக்குப் போக வேண்டும். ஆகவே பில்டர் அடைத்தால் இரண்டிலும் காற்றுக் குறையும். உள்காற்றில் நன்றாக வந்து, வெளிக்காற்றில் மட்டும் குறைந்தால் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்து வாயில்தான் இலை குப்பை நிறைந்திருக்கும். சில ஐரோப்பியக் கார்களில் பில்டர் வெளிக்காற்று வருகிற வழியில் மட்டும் இருப்பதால் அங்கே இந்தச் சோதனையின் அர்த்தம் மாறும். அத்தானின் காரில் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி மந்தம்.

சரி, கழற்றிப் பார்ப்போம் என்று எஞ்சினை நிறுத்தினேன்.

அக்குவாவில் இதற்கு ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை. இடப்பக்கம் பயணியின் முழங்காலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குப் பின்னால்தான் பில்டர். பெட்டியைத் திறந்து சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தோம். (பழைய இன்ஷூரன்ஸ் அட்டைகள், ஜப்பான் மொழியில் ஒரு தடித்த கையேடு, உருகி ஒட்டிப்போன டொபிகள். அந்தக் கையேட்டை எறிந்துவிடாதீர்கள், எழுத்துப் புரியாவிட்டாலும் படம் புரியும்.) பெட்டி மெதுவாக விழுவதற்காக ஒரு பக்கத்தில் சின்னத் தண்டு ஒன்று பிடித்திருக்கும். அதை அதன் முளையிலிருந்து பக்கவாட்டில் நகர்த்திக் கழற்ற வேண்டும். பிறகு பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கினால், தடுத்துக்கொண்டிருக்கிற பிளாஸ்டிக் முட்டுகள் விலகி, பெட்டி முழுதாகக் கீழே சாயும். வலுவாக இழுக்க வேண்டிய இடம் எதுவுமே இல்லை. இழுக்க வேண்டியிருந்தால் ஏதோ ஒரு கொளுவி இன்னும் விடவில்லை என்று அர்த்தம். உள்ளே மஞ்சள் நிற வயர் அல்லது கனெக்டர் தெரிந்தால் அதில் கை வைக்க வேண்டாம், அது ஏர்பேக்குக்குப் போவது.

பெட்டி சாய்ந்ததும் நேர் எதிரே நீளவாக்கில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடி தெரிந்தது. இரு முனையிலும் கொளுவி. விரலால் அமுக்கி எடுத்தால் பில்டரின் விளிம்பு தெரிகிறது. இந்த இடத்தில்தான் ஆறுதலாகச் செய்ய வேண்டும். பில்டர் கிடையாகப் படுத்திருக்கிறது, காற்று மேலிருந்து கீழே போகிறது, விசிறி அதற்குக் கீழே. அதாவது குப்பை எல்லாம் மேல்பக்கத்தில் குவிந்திருக்கும். சரித்து இழுத்தால் அவ்வளவும் நேராக விசிறிக்குள் விழும். பிறகு கார் போகிற இடமெல்லாம் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். கீழே ஒரு பழைய பேப்பரை விரித்து, பில்டரை மட்டமாகப் பிடித்து மெல்ல வெளியே எடுத்தேன்.

வந்ததைப் பார்த்து அத்தான் பேசவில்லை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மடிப்புகளே தெரியாமல் கரும்சாம்பல் நிறத்தில் ஒரு பாய் மாதிரிப் படிந்திருந்தது. மேலே மாரா மரத்தின் பொடி இலைகள் மடிப்புக்கு மடிப்பு செருகிக் கிடந்தன. கொழும்பில் பெரிய வீதிகளின் ஓரத்தில் இந்த மரத்தின் நிழல் பார்த்துத்தான் எல்லாரும் பார்க் பண்ணுகிறோம். அதன் இலை மிகச் சின்னது, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கம்பி வலையால் தாராளமாக உள்ளே போகும். மழையில் நனைந்து, பில்டரிலேயே ஊறி, பாதி மக்கியும் இருந்தது. ஏசி போட்ட முதல் நிமிடத்தில் வருகிறது என்று அக்கா சொன்ன ஈரச்சாக்கு வாடையின் ஒரு பங்கு இதிலிருந்துதான். ஒரு மூலையில் எலி கடித்த தடயமும், ஒரு செத்த கரப்பானும். விளிம்பில் ஜப்பான் எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. கப்பலில் வந்தபோது இருந்த அதே பில்டர்தான் என்பது என் கணிப்பு. சர்வீஸ் பில்களில் எண்ணெய் பில்டர், எஞ்சின் ஏர் பில்டர் எல்லாம் இருந்தன, இது ஒன்றிலுமே இல்லை.

புது பில்டர் வாங்க ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. சல்லிக்காசு செலவில்லை. பில்டர் இல்லாமலே மூடியை மட்டும் மாட்டி, விசிறியை உச்சத்தில் வைத்துப் பார்ப்பது. காற்று பிய்த்துக்கொண்டு வந்தால் குற்றவாளி பில்டர்தான். வராவிட்டால் அடைப்பு அதற்கும் அப்பால், விசிறிச் சக்கரத்திலோ, குளிர்விக்கும் கொயிலிலோ இருக்கிறது. அப்போது கராஜ்காரர் சொன்ன டாஷ்போர்டு வேலை நியாயமாகவும் இருக்கலாம். அத்தானின் காரில் டிஷ்யூ என் கையிலிருந்து பறந்து பின் சீட்டில் விழுந்தது. காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புகிற பட்டனையும் அமுக்கினேன். கண்ணாடி அடியிலிருந்து காற்று சீறியது. "அப்ப காஸ்?" என்றார் அத்தான். 7 பாகையைக் காட்டினேன். போனில் டோர்ச்சைப் போட்டு உள்ளே விசிறிச் சக்கரத்தையும் பார்த்து, தெரிந்த ஒன்றிரண்டு இலைகளை வெளியே எடுத்தோம். பில்டர் இல்லாமல் இப்படிச் சில நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம், நாள்கணக்கில் ஓட்டக் கூடாது. கொயில் எப்போதும் ஈரமாக இருப்பது. தூசி அதில் போய்ச் சேறாக அப்பிக்கொண்டால் அதைக் கழுவத்தான் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டி வரும்.

இந்தக் காற்றுக் குறைவுக்கும் கண்ணாடியில் ஆவி படிவதற்கும் என்ன தொடர்பு என்று அக்கா கேட்டா. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அது தண்ணீராக மாறத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. கண்ணாடி அந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் அதில் ஆவி படியும். மழை அடிக்கிற நேரம் கொழும்பில் வெளியே 25 பாகையளவு இருக்கும். மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற கண்ணாடியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உள்ளே என்ன நடக்கிறது? நனைந்த யூனிபோர்ம், சொட்டுகிற குடை, ஈரமான கால் விரிப்பு, அதோடு நான்கு பேரின் மூச்சும் வியர்வையும். சும்மா உட்கார்ந்திருக்கிற நான்கு பேரிடமிருந்து மட்டுமே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். அடைத்த காருக்குள் அந்த ஈரம் சேர்ந்து, 26 பாகையிலேயே தண்ணீராக மாறுகிற நிலைக்கு வந்துவிட்டால் 25 பாகையில் இருக்கிற கண்ணாடி வெள்ளையாகாமல் என்ன செய்யும்?

இதைத் தடுக்கிற வேலையை ஏசிதான் செய்கிறது. உள்ளே வருகிற காற்று ஒரு சில பாகையில் இருக்கிற கொயில் மேல் படும்போது அதன் ஈரம் அங்கேயே தண்ணீராகி, குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டிவிடுகிறது. கொயிலைத் தாண்டி வருவது காய்ந்த காற்று. அந்தக் காய்ந்த காற்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனால் ஆவி அதில் தங்காது. ஆகக் கண்ணாடி தெளிவது, காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைவிட, எவ்வளவு காய்ந்த காற்று கண்ணாடி மேல் போகிறது என்பதைப் பொறுத்தது. பில்டர் அடைத்து ஓட்டம் பாதியானால் ஒரு நிமிடத்தில் வெளியேறுகிற ஈரமும் ஏறத்தாழப் பாதிதான். நான்கு பேரின் மூச்சு மட்டும் பாதியாவதில்லை. அதிலும் கண்ணாடியின் அடியில் இருக்கிற வாய் நீண்டு ஒடுங்கியது. காற்றுக்கு விசை இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ் நாலு விரல் மட்டும் தெளிந்து, கண்ணுக்கு நேரே இருக்கிற பகுதி வெள்ளையாகவே இருக்கும். அக்கா சொன்ன அடையாளமும் அச்சொட்டாக அதுதான்: "கீழ மட்டும் கிளியராகுது, மேல ஏறுதில்ல."

காலி வீதிப் புகைக்குப் பயந்து நம்மில் அநேகர் உள்காற்றுப் பட்டனை வருடம் முழுக்க அமுக்கியே வைத்திருக்கிறோம். ஏசி நன்றாக ஓடி, காற்றும் தாராளமாக வரும்வரை அதில் பெரிய தீங்கில்லை, கொயில் ஈரத்தை எடுத்துவிடும். காற்று குறைந்த வண்டியில் உள்காற்றையே சுற்றினால் அந்த ஈரம் போக வழியில்லை. அதைவிட மோசமானது, குளிர்கிறது என்று ஏசியை நிறுத்திவிட்டு உள்காற்றிலேயே விசிறியை மட்டும் ஓட்டுவது. மழைக்குச் சரியான கூட்டு: ஏசி போட்டது போட்டபடி, வெளிக்காற்று, கண்ணாடிப் பக்கம் திருப்பிய காற்று. டொயோட்டாக்களில் கண்ணாடி தெளிய வைக்கும் பட்டனை அமுக்கினால் அநேகமாக இந்தக் கூட்டு தானாகவே வந்துவிடும்.

பில்டர் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போவது நல்லது, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளிலும் அக்குவா மாதிரி பொதுவான வண்டிகளுக்கு இருக்கும். கடையில் "ஏர் பில்டர்" என்று கேட்டால் எஞ்சினுக்கு உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். "ஏசி பில்டர்" என்று கேளுங்கள். டொயோட்டாவாக இருந்தால் பெட்டியில் இருக்கிற இலக்கத்தைப் பாருங்கள். 87139 என்று தொடங்கினால் உள்ளே காற்றுக்கு உரிய பில்டர், 17801 என்று தொடங்கினால் எஞ்சினுக்கு உரியது. அதைவிட நம்பிக்கையான வழி, பழைய பில்டரை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பது. அக்குவாவுடையது சுமார் 21 செ.மீ.க்கு 19 செ.மீ., தடிப்பு 3 செ.மீ. தடிப்பைக் கட்டாயம் பாருங்கள். நீள அகலம் சரியாக இருந்து, தடிப்புக் குறைந்த மலிவுப் பில்டரைப் போட்டால் விளிம்பால் காற்று நழுவிப் போகும். அந்தக் காற்றில் வருகிற தூசி பில்டரில் சேராது, கொயிலில்தான் சேரும்.

வெள்ளைக் கடதாசி, கரி தடவிய கறுப்பு என்று இரண்டு வகை காட்டுவார்கள். கரி உள்ளது லொறிப் புகை வாடையை ஓரளவு குறைக்கும். என் கருத்தில் கொழும்புக்குள் ஓடுகிற வண்டிக்கு அது பிரயோசனமானது. ஆனால் காற்றைக் கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும், கரியின் சக்தியும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். பழைய காரில், விசிறியும் களைத்திருக்கிற வண்டியில், நல்ல வெள்ளைப் பில்டரே போதும். அத்தானுக்கு அதைத்தான் வாங்கினோம். மடிப்புகளை எண்ண வேண்டியதில்லை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்கிறதா, விளிம்பு அமுக்கினால் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மாட்டுகிற திசையில்தான் பலர் குழம்புகிறார்கள். சில பில்டர்களின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘அப்’ என்று எழுதி ஒரு அம்பு இருக்கும். இந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதே அதன் பொருள். வேறு சிலவற்றில் ‘ஏர் ப்ளோ’ என்று எழுதி அம்பு இருக்கும். அது காற்றுப் போகிற திசை. அக்குவாவில் காற்று மேலிருந்து கீழே போவதால் முதல் வகை அம்பு வானத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாவது வகை தரையைப் பார்க்க வேண்டும். எழுத்தை வாசிக்காமல் அம்பை மட்டும் பார்த்து மாட்டினால் தலைகீழாகிவிடும். வேறு வண்டியாக இருந்து, காற்று எப்பக்கம் போகிறது என்று தெரியாவிட்டால் கழற்றிய பில்டரைப் பாருங்கள். குப்பை அப்பியிருக்கிற பக்கம்தான் காற்று உள்ளே வருகிற பக்கம். தலைகீழாக மாட்டினாலும் காற்று வரும்தான், ஆனால் தூசியைப் பிடிப்பதற்காக உள்ள அடுக்குகளின் ஒழுங்கு மாறிவிடுவதால் சீக்கிரம் அடைக்கும்.

புதியதை மட்டமாகத் தள்ளி, மூடியை இரண்டு முனையிலும் டக் என்று கேட்கும்வரை அமுக்கினேன். ஒரு முனை சரியாகப் பூட்டாவிட்டால் பிறகு விசில் மாதிரிச் சத்தம் வரும். பெட்டியை நிமிர்த்தி, தண்டை மாட்டி, சாமான்களைப் போட்டோம். கடைக்குப் போய்வந்த நேரத்தைக் கழித்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த மழை விட்ட கையோடு மறுபடி போன். இந்த முறை அக்கா.

"நீ என்னடா செய்தனீ? இப்ப முந்தியவிட மோசம். ஃபுல்லா வெள்ளையாகுது!"

"அக்கா, வைப்பரை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ."

"போட்டன்... போகுது. ஆனா திரும்ப வருது."

வைப்பருக்குப் போகிறதென்றால் அந்த ஆவி கண்ணாடிக்கு வெளிப்பக்கம். காற்று பலமாக வரத் தொடங்கியதால் வந்த புதுப் பிரச்சினை இது. பழைய பழக்கத்தில் அக்கா வெப்பநிலையை அடிமட்டத்தில் வைத்து, விசிறியை உச்சத்தில் வைத்து, முழுக் காற்றையும் கண்ணாடிக்குத் திருப்பியிருந்தா. முன்பு அந்தக் குளிர் கண்ணாடிக்கு எட்டவே இல்லை. இப்போது எட்டி, கண்ணாடியை வெளிக்காற்றைவிட நன்றாகக் குளிரவைத்துவிட்டது. மழை விட்ட பின் கொழும்புக் காற்று 23, 24 பாகையிலேயே தண்ணீராக மாறும் அளவுக்கு ஈரமானது. கண்ணாடி அதற்குக் கீழே இறங்கினால் வெளிப்பக்கம் வியர்க்கும். வெப்பநிலையை 25க்கு ஏற்றி, விசிறியை நடுவில் வைக்கச் சொன்னேன். அப்படிச் செய்தால் ஏசி ஈரத்தை எடுத்த காற்று ஹீட்டர் வழியாகக் கொஞ்சம் சூடேறி வரும். காய்ந்ததாகவும் இருக்கும், கண்ணாடியைக் குளிரவைக்கவும் செய்யாது. அக்குவாவில் இதற்காகச் சில நேரம் நிற்கும்போதும் எஞ்சின் ஓடும், அது பழுதல்ல, ஹீட்டருக்குச் சூடு எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். உள்ளேயா வெளியேயா என்று முதலில் பார்ப்பது அவசியம். வெளியே படிவதற்கும் பில்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உள்ளே படிவதிலும் எல்லாப் பழியையும் பில்டர் மேல் போட முடியாது. விடிய எழுந்து பார்க்கும்போது, யாரும் ஏறாமலே உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் காருக்குள் எங்கோ தண்ணீர் நிற்கிறது. இடப்பக்கக் கால் விரிப்பைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள். ஈரம் என்றால் ஏசித் தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைத்திருக்கலாம். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டாமலிருப்பது அதன் அடுத்த அடையாளம். கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப்படலம் இருந்தாலும் ஆவி சீக்கிரம் பிடித்து, எதிரே வருகிற லைட்டெல்லாம் சிதறித் தெரியும். அத்தானின் காரில் விரலால் கோடு போடும் அளவுக்கு இருந்தது. நல்ல துணியும் கண்ணாடி கழுவுகிற திரவமும் அதற்குப் போதும்.

சர்வீஸ் ஸ்டேஷனில் ஏசி பில்டரைக் கழற்றிக் காற்றடித்து அதையே திரும்பப் போடுவது நம் ஊர் வழக்கம். மேலே கிடக்கிற இலையும் பெருந்தூசியும் அதில் போகும், ஆகவே அடுத்த மாற்றம்வரை தள்ளிப்போட அது பரவாயில்லை. இழைகளுக்குள் போன நுண்தூசி போகாது. பலமாக அடித்தால் இழை கிழிந்து, காற்று நன்றாக வருகிற மாதிரித் தெரியும், தூசியும் அதே வழியால் வரும். தண்ணீரில் கழுவுவது அதைவிடக் கெடுதல். கழுவலாம் என்று பெட்டியிலேயே எழுதிய வகை தவிர, மற்றதெல்லாம் ஒருமுறை நனைந்தால் உருக்குலைந்து பூஞ்சணம் பிடிக்கும். பொதுவாக 10,000 முதல் 15,000 கி.மீ.க்கு அல்லது வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அத்தானைப் போல நகருக்குள் குறைந்த தூரம், அதிக நேரம் ஓட்டுகிறவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். மீற்றர் ஏறாமலே விசிறி மணிக்கணக்கில் ஓடியிருக்கும். ஆகவே வருடக் கணக்கைப் பிடியுங்கள், அதையும் ஒக்டோபர் மழைக்கு முன்னால், செப்டெம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் பார்க் பண்ணுகிற வண்டியென்றால் நடுவில் ஒரு முறை கழற்றிப் பார்த்துத் தட்டிப் போடலாம்.

விலை குறைந்த சில சின்னக் கார்களில் இந்தப் பில்டர் தொழிற்சாலையிலிருந்தே இல்லை. பெட்டியைச் சாய்த்துப் பார்த்தால் மூடி இருக்காது, அல்லது மூடி இருந்து உள்ளே வெறுமையாக இருக்கும். வெறும் இடம் இருந்தால் பொருத்தமான பில்டரை வாங்கிப் போடலாம். இடமே இல்லாத வண்டியில் காற்றுக் குறைந்தால் கொயிலைக் கழுவத்தான் வேண்டும், அங்கே டாஷ்போர்டு வேலையைத் தவிர்க்க முடியாமல் போகலாம்.

ஒரு சின்னப் பழக்கம் மட்டும் சொல்கிறேன். புதுப் பில்டரை உள்ளே தள்ளுவதற்கு முன் அதன் விளிம்பில் பேனையால் மாதத்தையும் மீற்றர் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். அடுத்த சர்வீஸில் "மாத்திட்டம் சேர்" என்று பில்லில் ஒரு வரி போட்டுத் தந்தால், வீட்டுக்கு வந்து பெட்டியைச் சாய்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.